7.2 மடங்கு வந்த பணம் எங்கே போனது?

சேலத்தில் ஏழெட்டு சின்ன ஓட்டல்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். அதில் ஒன்று ஐந்து ரோடு பக்கம் இருக்கும் பிரியாணிக் கடை. கடைக்காரத் தம்பிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. போன தீபாவளி சமயத்தில் ஒரு நாள் ராத்திரி போனைக் கையில் நீட்டினான். உணவு டெலிவரி ஆப்பின் விளம்பர அறிக்கை அதில் திறந்திருந்தது. ஒரு நாள் செலவு 500 ரூபாய், விளம்பரம் வழியாக வந்த ஆர்டர் 12, அதன் விற்பனை 3,600 ரூபாய். கீழே பச்சை எழுத்தில் 7.2 மடங்கு என்று போட்டிருந்தது.

"ஐநூறு போட்டா மூவாயிரத்து அறுநூறு வருதுண்ணா. ஆயிரமா ஏத்திடலாமா?"

அந்த மாதக் கணக்கில் ஆப் வழியாக வந்த பணம் கூடியிருந்தது, மிச்சம் குறைந்திருந்தது. ஏன் என்று தோண்டிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கடையை அடையாளம் தெரியாமல் வைக்க எண்களை ரவுண்டாக்கியிருக்கிறேன். கணக்கின் போக்கு மாறவில்லை.

முதலில் ஓர் ஆர்டரில் கையில் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அது தெரியாமல் மடங்குக் கணக்கில் இறங்கினால் ஒன்றும் விளங்காது. இந்தக் கடையில் சராசரி பில் 300 ரூபாய். ஆஃபர் எதுவும் இல்லையென்றால் 25 சதவீதக் கமிஷனாக 75 ரூபாய் போகும். சதவீதம் கடைக்குக் கடை, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அந்தக் கமிஷன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 13 ரூபாய் 50 காசு. சீரக சம்பா, கறி, எண்ணெய், மசாலா எல்லாம் சேர்ந்து 120. டப்பா, கவர், சால்னா கப் 12. மிச்சம் 79 ரூபாய் 50 காசு. இதிலிருந்துதான் வாடகை, மாஸ்டர் சம்பளம், கரண்ட் எல்லாம்.

அந்த ஜி.எஸ்.டி.யைப் பலரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். 2022 ஜனவரி 1 முதல் ஆப் வழியாக விற்கும் சாப்பாட்டுக்கான 5 சதவீத வரியை ஆப் நிறுவனமே கட்டிவிடுகிறது. அதனால் வரி நம் தலையில் இல்லை என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. ஆனால் கமிஷன் மேலும் விளம்பரம் மேலும் போடும் 18 சதவீதம் கடைக்காரர் கொடுப்பதுதான். 5 சதவீத முறையில் இருக்கும் ஓட்டலுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. கொடுத்தது கொடுத்ததுதான், திரும்பி வராது. ஆக 500 ரூபாய் விளம்பரத்தின் உண்மையான விலை 590 ரூபாய்.

இப்போது ஆஃபருக்கு வருவோம். ஒரு பில்லுக்கு 50 ரூபாய் தள்ளுபடி, முழுவதும் கடை தலையில். 300 ரூபாய் பில் 250 ஆகிறது. கமிஷனும் அதன் வரியும் சேர்ந்து 73 ரூபாய் 75 காசாகக் குறைகிறது. ஆனால் அரிசியும் கறியும் குறையாது. கையில் நிற்பது 44 ரூபாய் 25 காசு. வாடிக்கையாளருக்கு 50 ரூபாய் விட்டுக்கொடுத்தால் பில்லில் ஆறில் ஒரு பங்கு போனது போலத் தெரியும். கடையின் மிச்சத்திலோ கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது.

இந்த இரண்டு எண்களையும் விளம்பரத்தோடு சேர்த்தால் வேடிக்கை தொடங்கும். தம்பி விளம்பரம் போட ஆரம்பித்தது புரட்டாசி கடைசியில். முதல் எட்டு நாள் ஆஃபர் இல்லை. ஒரு கிளிக்குக்கு 5 ரூபாய், ஒரு நாளைக்கு 100 கிளிக், அதில் 8 ஆர்டர். அறிக்கை 4.8 மடங்கு காட்டியது. ஆப் தரப்பிலிருந்து கடையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் போன் செய்து, ஆஃபர் போட்டால் ரிட்டர்ன் ஏறும் என்றார். ஐப்பசி முதல் தேதியிலிருந்து 50 ரூபாய் ஆஃபர். அதே 100 கிளிக்கில் 12 ஆர்டர். 7.2 மடங்கு. அவர் சொன்னது சரிதானே?

வந்த ஆர்டர் அத்தனையும் விளம்பரத்தால்தான் வந்தது என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். 4.8 மடங்கு காட்டிய நாளில் 8 ஆர்டருக்கு 79.50 வீதம் 636 ரூபாய். விளம்பரச் செலவு 590 போக 46 ரூபாய் மிச்சம். 7.2 மடங்கு காட்டிய நாளில் 12 ஆர்டருக்கு 44.25 வீதம் 531 ரூபாய். 590 போக 59 ரூபாய் கைநஷ்டம். அறிக்கை ஏறியபோது கல்லா இறங்கியிருக்கிறது.

அறிக்கை பொய் சொல்லவில்லை. அது விற்பனையை விளம்பரச் செலவால் வகுக்கிறது, அவ்வளவுதான். ஆஃபர் போட்டால் மெனுவைத் திறந்தவர்களில் வாங்குகிறவர்கள் கூடுவார்கள். கிளிக்குக்கான காசு மாறாததால் மடங்கு ஏறும். ஆனால் ஆஃபருக்கான பணம் வேறு பையிலிருந்து போகிறது. அந்தப் பை அறிக்கையில் இல்லை. விளம்பரத்தைத் தனியாகவும் ஆஃபரைத் தனியாகவும் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிபடவே படாது.

சரி, இப்போது அந்த ஒப்புக்கொண்ட விஷயத்துக்கு வருவோம். 12 ஆர்டரும் விளம்பரத்தால் வந்ததா?

விளம்பரம் என்றால் தேடல் பட்டியலில் கடையின் பெயர் மேலே ஏறி நிற்கும். பிரியாணி என்று தேடுகிறவருக்கு முதல் இரண்டு மூன்று கடைகளுக்குள் தெரியும். வாரம் ஒருமுறை இதே கடையில் வாங்கும் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்காரரும் அதே பட்டியலைத்தான் பார்க்கிறார். எப்போதும் கீழே இருந்த கடை இன்று மேலே இருக்கிறது, தொடுகிறார், ஆர்டர் போடுகிறார். அது விளம்பர ஆர்டர் என்று பதிவாகிவிடும். அவர் எப்படியும் வாங்கியிருப்பார். இப்போது அதற்கு 5 ரூபாய் கிளிக் காசும் 50 ரூபாய் ஆஃபரும் கொடுத்திருக்கிறோம்.

தம்பிக்கு இதைச் சொன்னபோது அவன் விடவில்லை. "மொத்த ஆர்டரே ஏறியிருக்குண்ணா" என்றான். உண்மைதான். விளம்பரத்துக்கு முந்தைய புரட்டாசி வாரங்களில் ஒரு நாளைக்கு 32 ஆர்டர். ஐப்பசியில் 45. பதின்மூன்று கூடியிருக்கிறது. அறிக்கையோ 12 என்கிறது. இரண்டும் இவ்வளவு பொருந்தி வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

புரட்டாசி என்பதுதான் விடை. சனிக்கிழமை பெருமாள் கோவில், வீட்டில் கவுச்சி இல்லை. பிரியாணிக் கடைகள் ஈ ஓட்டும் மாதம் அது. ஆவணிக் கணக்கை எடுத்துப் பார்த்தேன், ஒரு நாளைக்கு 40 ஆர்டர். அப்போது விளம்பரமும் இல்லை, ஆஃபரும் இல்லை. ஆக ஐப்பசியில் ஏறிய பதின்மூன்றில் எட்டு புரட்டாசி முடிந்ததால் தானாகத் திரும்பி வந்தது என்றே வைக்கலாம். மிச்சம் ஐந்து. அந்த ஐந்திலும் விளம்பரத்துக்கு எவ்வளவு, ஆஃபருக்கு எவ்வளவு, தீபாவளிப் பணப்புழக்கத்துக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. வியாபாரம் படுத்த மாதத்தில்தான் யாரும் விளம்பரம் பக்கம் போவார்கள். படுத்தது பிறகு எப்படியும் எழும். எழுந்ததன் பெருமை விளம்பரத்துக்குப் போய்விடும்.

அதோடு இன்னொன்றும் அந்த மாதத்தில் நடந்திருந்தது. சால்னாவைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுத்ததை நிறுத்திவிட்டு மூடி போட்ட கப்புக்கு மாறியிருந்தான். சிந்திக்கிடக்கிறது என்ற புகார் நின்றது. ரேட்டிங் 3.9-லிருந்து 4.0 ஆனது. வெறும் 0.1தானே என்று தோன்றும். ஆனால் ஆப்பில் 4.0-ம் அதற்கு மேலும் உள்ள கடைகளை மட்டும் காட்டு என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. அதைத் தட்டிவிட்டுத் தேடுகிறவர்களுக்கு 3.9 கடை கண்ணிலேயே படாது, 4.0 ஆனதும் பட்டுவிடும். 4.0-லிருந்து 4.1 ஆவதில் இந்தத் தாவல் இல்லை. இதுவும் அந்த ஐந்துக்குள் எங்கோ ஒளிந்திருக்கலாம்.

மாதத்தை மாதத்தோடு ஒப்பிட்டு இதைத் தீர்க்கவே முடியாது. ஐப்பசி முடிந்தால் கார்த்திகை, சபரிமலைக்கு மாலை போட்டவர்களின் வீடுகளில் தை வரை கறி கிடையாது. அதற்கு நடுவில் ஏதாவது ஒரு சாயங்காலம் சேர்வராயன் மலைப்பக்கம் கறுத்து மழை இறங்கினால் ஆர்டர் குவியும், அன்றைக்கென்று டெலிவரி பையன்கள் கிடைக்க மாட்டார்கள். அதனால் ஒரே மாதத்துக்குள் சில நாள் விளம்பரத்தைப் போட்டு சில நாள் நிறுத்திப் பார்ப்பதுதான் வழி. பொங்கல் முடிந்த திங்கட்கிழமை தொடங்கி நான்கு வாரம் அப்படிச் செய்தோம்.

முறை எளிது. முதல் வாரம் ஒவ்வொரு நாளுக்கும் காசு சுண்டினோம். தலை விழுந்த நாள் விளம்பரம் உண்டு, பூ விழுந்த நாள் இல்லை. இரண்டாம் வாரம் அதற்கு நேர் எதிர். மூன்றாம் வாரம் மறுபடி சுண்டல், நான்காம் வாரம் அதன் எதிர். இப்படிச் செய்தால் ஒவ்வொரு கிழமைக்கும் இரண்டு நாள் போட்டது, இரண்டு நாள் போடாதது என்று சமமாக அமையும். பிரியாணிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு கணக்கு, செவ்வாய்க்கிழமை ஒரு கணக்கு என்பதால் இது முக்கியம். எந்த நாளில் போடலாம் என்பதைத் தம்பி கையில் விடவே கூடாது. வியாபாரம் மந்தமாகத் தெரிகிற நாளில் கை தானாக விளம்பரத்துக்குப் போகும், அப்புறம் ஒப்பீடு கெட்டுவிடும். நான்கு வாரமும் 50 ரூபாய் ஆஃபரைத் தொடவில்லை, விலையை மாற்றவில்லை, புது அயிட்டம் சேர்க்கவில்லை. ரேட்டிங் மெதுவாகத்தான் நகரும் என்பதால் இரண்டு வகை நாளுக்கும் அது ஒன்றாகவே இருந்தது.

எண்ண வேண்டியது விளம்பர ஆர்டரை அல்ல, அன்றைய மொத்த ஆப் ஆர்டரை. அறிக்கை எதை யார் பேரில் எழுதினாலும் மொத்தத்தில் ஏமாற்ற முடியாது. ஒரு ஷீட்டில் தேதி, கிழமை, மொத்த ஆர்டர், விளம்பரம் உண்டென்றால் ON இல்லையென்றால் OFF என்று நான்கு பத்தி போதும்.

```
=AVERAGEIFS(C:C,D:D,"ON")-AVERAGEIFS(C:C,D:D,"OFF")
```

ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்த்தேன்: பிரியாணி எத்தனை மணிக்குத் தீர்ந்தது. இதை யாரும் குறிப்பதில்லை. சாயங்காலம் தம் போட்ட தேக்சா எட்டரைக்கே காலியாகிவிட்டால் ஆப்பில் ஸ்டாக் இல்லை என்று போட்டுவிடுவார்கள். அதற்குமேல் விளம்பரம் ஆயிரம் பேரைக் கூட்டி வந்தாலும் விற்க ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் விளம்பரம் போட்டாலும் போடாவிட்டாலும் ஆர்டர் ஒரே அளவில்தான் நின்றது. அங்கே தடை பாத்திரம், விளம்பரம் அல்ல.

நான்கு வாரம் முடிந்தது. விளம்பரம் போட்ட 14 நாளில் சராசரி 46, போடாத 14 நாளில் 41. வித்தியாசம் 5. அதே நாட்களில் அறிக்கை ஒரு நாளைக்கு 12 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மீதி ஏழும் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்காரர் மாதிரி ஆட்கள்.

இந்த ஐந்தையும் கல்லில் பொறித்த எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விளம்பரம் இல்லாத ஆவணிச் செவ்வாய்க்கிழமைகளை மட்டும் பாருங்கள்: 33, 41, 29, 38. எதையும் மாற்றாமலே இவ்வளவு ஆட்டம். இப்படி ஆறேழு ஆர்டர் ஆடும் கடையில் 14 நாளுக்கு 14 நாள் ஒப்பிட்டால் உண்மை வித்தியாசம் பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் இருக்கலாம், பத்துக்குப் பக்கத்திலும் இருக்கலாம். விளம்பரம் இரண்டு ஆர்டர் கொண்டுவருகிறதா மூன்றா என்று கண்டுபிடிக்க இந்தச் சோதனைக்குக் கண் போதாது. ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறவர்களுக்குச் சுத்தமாகப் போதாது.

ஆனால் நம் கேள்விக்கு அவ்வளவு கூர்மை தேவைப்படவில்லை. ஆஃபரோடு ஓர் ஆர்டருக்கு 44 ரூபாய் நிற்கும்போது 590 ரூபாயை எடுக்க ஒரு நாளைக்குக் குறைந்தது 14 ஆர்டர் புதிதாக வர வேண்டும். நமக்கு மிகச் சாதகமாகப் பார்த்தாலும் பத்துதான். ஐந்து என்று வைத்தால் வருவது 221 ரூபாய், தினம் 369 ரூபாய் கையை விட்டுப் போகிறது.

"புதுசா வர்றவங்க மறுபடி வருவாங்கல்லண்ணா?" நியாயமான கேள்வி. முதல் ஆர்டரில் நஷ்டப்பட்டாலும் ஆள் சேர்கிறார் என்றால் பரவாயில்லை. புது வாடிக்கையாளர் எண்ணிக்கையை ஆப்பே காட்டுகிறது. போடாத நாளில் 7 பேர், போட்ட நாளில் 11 பேர். ஒரு நாளைக்கு நான்கு பேர் கூடுதல். முன்பு வந்த புது ஆட்களின் பழைய பதிவைப் பார்த்தால் நாலில் ஒருவர் இரண்டு மாதத்துக்குள் மேலும் இரண்டு முறை வாங்கியிருக்கிறார். அப்படியானால் அந்த நான்கு பேரால் பின்னால் வருவது இரண்டு ஆர்டர். அதற்கும் ஆஃபர் உண்டு, ஆக 88 ரூபாய். 369-ல் 88 போனாலும் 281 ரூபாய் பள்ளம் இருக்கிறது.

சோதனையில் தெரியாத ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் அதிகம் உறுத்தியது. விளம்பரம் கடையைத் தூரத்து ஆட்களுக்கும் காட்டுகிறது. கொண்டலாம்பட்டியிலிருந்தும் அம்மாப்பேட்டையிலிருந்தும் ஆர்டர் வர ஆரம்பித்திருந்தது. சுடச்சுட எடுத்த பரோட்டா அங்கே போய்ச் சேரும்போது தோல் மாதிரி ஆகிவிடும். போதாக்குறைக்கு ராத்திரி எட்டு மணி நெரிசலில் கூடுதல் ஆர்டர் விழுந்தால் கடையில் தின்பவர், பார்சல், ஆப் மூன்றும் ஒரே கல்லில் மோதும். ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் போட்ட ஆர்டர்களைத் தேதி பார்த்துப் பிரித்தபோது பாதிக்குமேல் விளம்பரம் ஓடிய நாட்களின் ராத்திரி நேரத்து ஆர்டர்கள். இந்த ஸ்டார்கள் ரேட்டிங்கை மெதுவாகத் தின்னும். 4.0 மறுபடி 3.9 ஆனால் வடிகட்டி வெளியே தள்ளும், தானாக வரும் ஆர்டர் குறையும். அந்தக் குறைவு விளம்பரம் போட்ட நாளையும் போடாத நாளையும் ஒன்றுபோல அடிக்கும் என்பதால் நம் வித்தியாசக் கணக்கில் அது தெரியவே தெரியாது. ஆர்டர் தயாரான நேரத்தையும் குறைந்த ஸ்டார்களையும் தனியாகப் பார்த்தால்தான் உண்டு.

ஆஃபருக்கும் ஒரு வார்த்தை. விளம்பரம் இல்லாத நாளில் 41 ஆர்டர் வந்தது, 50 ரூபாய் ஆஃபரோடு. ஆவணியில் ஆஃபர் இல்லாமல் 40. மாதங்கள் வேறு என்பதால் ஆஃபரால் பயனே இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த 41 பேருக்கும் சேர்த்து தினமும் 1,445 ரூபாய் மிச்சம் குறைகிறது என்பது உறுதி. விளம்பரத்தில் போகும் 369 ரூபாய்க்காக நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது பெரிய ஓட்டை இந்தப் பக்கம் இருந்தது. ஆஃபரை விளம்பரம் மாதிரி நாள்விட்டு நாள் போட்டுச் சோதிக்க முடியாது. இன்று இல்லையென்றால் நாளை வரும் என்று ஆட்கள் காத்திருப்பார்கள். இரண்டிரண்டு வாரமாகத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும்.

மாசியிலிருந்து ஏற்பாட்டை மாற்றினோம். எல்லோருக்குமான ஆஃபர் போனது, முதல்முறை வாங்குகிறவருக்கு மட்டும் 50 ரூபாய். விளம்பரம் 200 ரூபாய், திங்கள் முதல் வெள்ளி வரை ராத்திரி ஏழிலிருந்து பத்து, புது ஆட்களுக்கு மட்டும் காட்டும்படி. பக்கத்து ஏரியாக்களோடு நிறுத்திக்கொண்டோம். வரியோடு 236 ரூபாய். புது ஆள் ஒருவரின் முதல் ஆர்டரில் 44 ரூபாய். அவர் திரும்பி வந்தால் ஆஃபர் கிடையாது, அதனால் ஓர் ஆர்டருக்கு 79.50. நாலில் ஒருவர் இரண்டு முறை என்ற பழைய கணக்குப்படி தலைக்குச் சராசரியாக 40 ரூபாய் சேரும். ஆக ஒருவருக்கு 84. ஒரு நாளைக்கு மூன்று பேர் வந்தால் விளம்பரம் தன் காலில் நிற்கும். இப்போது மூன்றுக்குக் கொஞ்சம் மேலே வருகிறார்கள். அதிலும் சிலர் விளம்பரம் இல்லாமலே கடையைக் கண்டுபிடித்திருப்பார்கள். ஆகவே இழுபறிதான். ஆஃபர் இல்லாமல் திரும்பி வருகிறவர்கள் நாலில் ஒருவராகவே இருப்பார்களா என்பது சித்திரைக்குள் தெரிந்துவிடும்.

போன வாரம் ஆப்பின் ஆள் மறுபடி போன் செய்திருக்கிறார். "உங்க ரிட்டர்ன் 7.2-ல இருந்து 4.8-க்கு இறங்கிடுச்சுங்க சார். எல்லாருக்கும் ஒரு ஆஃபர் போட்டுடலாமுங்களா?"